உச்சியில் நின்ற ‘நீ’: ஒரு நூலகப் பாட்டில் சொல் மாற்றிய கதை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்குள்ள நூலகத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்ததை ஒட்டி ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். மெட்டு என் நண்பருடையது, வரிகள் என்னுடையவை. பாடப்போகிறவர்கள் ஊர்ப் பெண்கள் ஒன்பது பேர். அவர்களில் இரண்டு பேர் முறையாகச் சங்கீதம் கற்றவர்கள். மற்றவர்கள் கோயிலிலும் வீட்டிலும் பாடிப் பழகியவர்கள். நல்ல குரல்கள்தான், ஆனால் மேடைப் பயிற்சி இல்லாத குரல்கள்.

பாட்டு மோகனத்தில், ஆதி தாளத்தில், நிமிடத்துக்கு 72 எண்ணிக்கை என்ற நிதானமான நடையில் இருந்தது. சரணத்தின் முதல் அடி தார ஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயி, ரிஷபத்தில் போய் நிற்கும். இரண்டாவது அடி அதற்கு மேலே காந்தாரத்தைப் பிடித்து ஆறு எண்ணிக்கை கார்வையாக நீளும். அந்த வேகத்தில் ஆறு எண்ணிக்கை என்பது ஐந்து விநாடி. பாட்டின் உச்சம் அதுதான். நான் எழுதிக்கொடுத்த அடிகள் இவை:

ஏடு திறந்தால் எழுந்திடும் தீ
இருளைத் துரத்த வந்திடு நீ

எனக்குப் பிடித்த அடிகள். ஏடு, எழுந்திடும் என்று மோனை இருக்கிறது. தீ, நீ என்று இயைபு இருக்கிறது. ஓரெழுத்துச் சொல்லில் அடி முடிவதால் ஒரு வெட்டும் இருக்கிறது. நண்பரும் பாடிப் பார்த்து, நன்றாக உட்கார்ந்துவிட்டது என்றார். அந்த இடத்தில்தான் பாட்டு உடைந்தது.

ஒத்திகையில் நடந்தது

முதல் ஒத்திகையில் பல்லவி சுகமாகப் போனது. சரணத்தில் ‘தீ’ கொஞ்சம் மெலிந்தது. ‘நீ’ வந்ததும் ஒன்பது குரலில் பாதி காணாமல் போனது. மிச்சமிருந்தவை கிறீச்சென்று கேட்டன. முதல் இரண்டு விநாடி சுருதியில் நின்று, பிறகு மெல்லக் கீழே சரிந்தன. ஒரு குரல் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுருதிக்கு மேலே ஏறிக்கொண்டது. உயரம் பழகவில்லை, நாலு தடவை பாடினால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். நாலாவது தடவை இன்னும் மோசமாக இருந்தது.

நான் முன்னால் போய் உட்கார்ந்து காதை விட்டுவிட்டுக் கண்ணால் கவனித்தேன். ‘நீ’ வரும்போது தாடை அசையாமல் நின்றது. உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, சிரிப்பது போன்ற ஒரு தோற்றம். கழுத்தின் இரு பக்கத்திலும் நரம்பு புடைத்தது. முன்வரிசையில் நின்ற பெண்ணிடம் கட்டைவிரலை மோவாய்க்கு அடியில், எலும்புக்குப் பின்னால் இருக்கும் மெத்தென்ற சதையில் வைத்துக்கொண்டு பாடச் சொன்னேன். ‘எழுந்திடும்’ வரை மெத்தென்றுதான் இருந்ததாம். ‘நீ’ வந்ததும் கல் மாதிரி ஆகிவிட்டது என்றார். அந்தச் சதை இறுகினால் நாக்கின் அடியும் குரல்வளையும் சேர்ந்து மேலே இழுக்கப்படுகின்றன என்று பொருள். குரலை நெஞ்சு தாங்கவில்லை, தொண்டை நெரித்துத் தாங்குகிறது.

இடைவேளையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: “தம்பி, நான் அந்த எடத்துல வாய மட்டும்தான் அசைக்கிறேன். சத்தம் விட்டா கெடுத்துருவேன்.” அவர் குரல் அந்தக் குழுவிலேயே கனமான குரல். அதை நாங்கள் இழந்திருக்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

காரணத்தைச் சொன்னது முன்வரிசைப் பெண்தான். “அண்ணே, மெட்டு கஷ்டமில்ல. ‘தானா’ன்னு பாடுனா போகுது. ‘நீ’ன்னு வந்தாத்தான் தொண்டை இறுகுது.”

உடனே சோதித்தோம். அதே கட்டை, அதாவது ஆதார சட்ஜம் அதே உயரத்தில், அதே நடை, அதே ஆறு எண்ணிக்கை. சொல்லை எடுத்துவிட்டு ‘தந்தன தா’ என்று பாடச் சொன்னோம். ஒன்பது பேரும் நின்றார்கள், சுருதியும் நின்றது. அப்படியானால் உயரத்தின் மேல் பழி போட முடியாது. என் எழுத்தின் மேல்தான் போட வேண்டும்.

ஏன் முன்பே தெரியவில்லை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெட்டுக்குப் பாட்டு எழுதுகிற எவருக்கும் இதே பொறி காத்திருக்கிறது.

நம்மிடம் மெட்டு தத்தகாரமாக வருகிறது. தன, தானா, தந்தன, லாலா. எல்லாமே அகரமும் ஆகாரமும். உச்சி சுரத்தில் ஐந்து விநாடி நின்றாலும் இசையமைப்பாளர் அங்கே பாடுவது ‘தா’தான். எனவே மெட்டு நிலையில் எந்த உச்சியும் சுகமாகவே கேட்கும். சொல் உட்காரும்போதுதான் அந்த இடத்துக்கு ஈகாரமோ ஊகாரமோ முதல் தடவையாக வந்து சேர்கிறது. தத்தகாரம் குறில், நெடில், ஒற்று எங்கே என்பதை அச்சாகச் சொல்லிவிடும். எந்த உயிர் அங்கே தாங்கும் என்பதைச் சொல்லாது. நானும் அசை பார்த்துத்தான் எழுதினேன். ‘வந்திடு நீ’ என்பது ‘தந்தன தா’வுக்கு இம்மியும் பிசகாமல் பொருந்தியது.

அடுத்தது கட்டை. நண்பர் ஒரு கட்டையில் பாடுகிறவர். அவருக்கு ஆதார சட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ், தார ஸ்தாயி காந்தாரம் 330-ஐ ஒட்டி. சொற்களோடு அவர் பாடிக்காட்டியபோது ‘நீ’ அந்த உயரத்தில்தான் நின்றது. பெண்கள் பாடியது ஐந்து கட்டையில். அங்கே சட்ஜம் 196, அதே காந்தாரம் 490. இருவரும் ஒரே சுரத்தைத்தான் பாடினார்கள். ஆனால் ஈகாரத்துக்கு 330-உம் 490-உம் ஒன்றல்ல.

வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் இருக்கிற காற்றுக்கு, ஒரு பானையின் உள்காற்றுக்கு இருப்பதுபோலவே, தனக்கென்று சில ஒத்ததிர்வுகள் உண்டு. அவற்றில் கீழே இருக்கும் முதல் ஒத்ததிர்வு வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெண் குரலில், சாதாரணப் பேச்சில், ஈ, ஊ ஆகியவற்றுக்கு அது சுமார் 300 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். ஏ, ஓ சொல்லும்போது 500-ஐ ஒட்டி வரும். ஆ சொல்லித் தாடை இறங்கினால் 800-ஐத் தாண்டும். ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் இந்த வரிசை மாறாது. பாடகர் பாடும் சுருதி இந்த ஒத்ததிர்வுக்குக் கீழேயோ அதை ஒட்டியோ இருக்கும்வரை வாய் குரலைத் தூக்கிக் கொடுக்கிறது. சுருதி அதைத் தாண்டி மேலே போய்விட்டால் அந்தத் தூக்கல் கிடைக்காது. ஒலி சட்டென்று மெலிகிறது. பாடுகிறவர் அதைக் காதில் உணர்ந்து, ஈடு கட்ட மூச்சை அழுத்துகிறார், தொண்டையை இறுக்குகிறார். எங்கள் ஒத்திகையில் நான் பார்த்த புடைத்த நரம்பு அந்த ஈடுகட்டல்தான்.

நண்பரின் 330 ஈகாரத்தின் ஒத்ததிர்வை ஒட்டியே இருந்தது. அதனால் அவருக்குப் பிரச்சினையே தெரியவில்லை. பெண்களின் 490 அதைத் தெளிவாகத் தாண்டிவிட்டது.

பயிற்சி பெற்ற பாடகிகள் இதைச் சமாளிக்கிறார்கள். உச்சியில் எந்த உயிர் வந்தாலும் தாடையை இறக்கி, ஒத்ததிர்வைச் சுருதிக்கு நேராக உயர்த்திக்கொள்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி மேற்கத்திய ஓபரா பாடகிகளிடம் இதை 1970-களில் விளக்கினார். சிட்னியில் உள்ள நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2004-இல் பாடிக்கொண்டிருக்கும்போதே அளந்து காட்டினார்கள். ஆனால் தாடையை இறக்கினால் ஈ, ஈயாகவே இருக்காது. ‘நீ’ என்பது ‘நே’ ஆகி, இன்னும் மேலே போனால் ‘நா’வை நெருங்கிவிடும். அதே சிட்னி ஆய்வாளர்களில் இருவர் 2009-இல் இன்னொன்றும் கண்டார்கள். பாட்டும் இசையும் தானே எழுதிய ஜெர்மன் இசையமைப்பாளர் ரிஷார்ட் வாக்னர், தன் பிற்கால ஓபராக்களில், பாடகிகளின் உச்சி சுரங்களில் திறந்த உயிர்கள் கூடுதலாக வரும்படி சொற்களை அமைத்திருக்கிறார். இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருந்ததால் அவருக்கு அது கைகூடியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் இருவர். நடுவில் ஒரு அலைபேசிப் பதிவு மட்டும்தான் இருந்தது.

நம் இலக்கணத்துக்கு இந்தத் திறப்பு புதிதல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல் அ, ஆ இரண்டும் ‘அங்காந்து இயலும்’ என்கிறது. வாய் திறந்து பிறக்கும் ஒலி என்று பொருள். உ, ஊ, ஒ, ஓ, ஔ இதழ் குவிந்து பிறப்பவை. இ, ஈ வரிசைக்கும் அங்காப்பு உண்டு, ஆனால் நாக்கின் விளிம்பு மேலே போய்ப் பல்லை ஒட்டுகிறது என்று தனியாகச் சொல்கிறது. உச்சி சுரத்தில் தொண்டை கேட்பது அந்த அங்காப்பைத்தான்.

கட்டையைக் குறைத்தால் என்ன?

முதலில் வந்த யோசனை இதுதான். நாலு கட்டைக்கு இறக்கினால் உச்சி காந்தாரம் 490-இலிருந்து 436-க்கு வரும். பாடிப் பார்த்தோம். ‘நீ’ கொஞ்சம் இளகியது, ஆனால் சரியாகவில்லை. 436-உம் ஈகாரத்துக்கு அதிகம்தான். அப்புறம் பல்லவி கெட்டது. பல்லவி மந்திர ஸ்தாயி, அதாவது கீழ் ஸ்தாயி, தைவதத்தைத் தொடும். ஐந்து கட்டையில் அது 163 ஹெர்ட்ஸ், எல்லோரும் தொட்டார்கள். நாலு கட்டையில் 145. அங்கே நாலைந்து பேருக்குக் குரல் வெறும் காற்றாகப் போனது. ஆக, மேலே பாதிக்கூட மீளவில்லை, கீழே இருந்ததும் போனது. ஐந்து கட்டையே இருக்கட்டும் என்று விட்டோம்.

எல்லோரும் தாடையை இறக்கி ‘நீ’யைக் கொஞ்சம் ‘நே’ பக்கமாகப் பாடுவது என்ற வழியையும் பார்த்தோம். தனியாகப் பாடும் தேர்ந்த பாடகிக்கு அது நல்ல வழி. ஒன்பது பேர் செய்தபோது ஒருவர் ‘நீ’, ஒருவர் ‘நே’, இன்னொருவர் இரண்டுக்கும் நடுவில். ஒரே சுரத்தில் மூன்று உயிர்கள் கேட்டால் சுருதி சேர்ந்திருந்தாலும் சேராதது மாதிரிதான் இருக்கும். கார்வையில் அது மறையாது, ஐந்து விநாடியும் காதில் நிற்கும்.

சொல்லை மாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று அப்போதுதான் மனசார ஒப்புக்கொண்டேன். இயைபை விட மனம் வரவில்லை என்பதால்தான் அதுவரை மற்ற கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் திருத்தமும் அதன் பிழையும்

அன்று இரவே உச்சி அடியை மட்டும் மாற்றினேன். அகரம் திறந்த உயிர்தானே என்று இப்படி எழுதினேன்:

இருளைத் துரத்தக் கூடி வர

எழுத்தில் பார்த்தால் குறை இல்லை. எல்லோரும் கூடி வர, இருள் ஓடும் என்று அடுத்த அடிக்குப் பொருள் தொடரும். மறுநாள் பாடினார்கள். தொண்டை திறந்தது, சுருதி நின்றது, ஒன்பது குரலும் வந்தன. எனக்கு அப்பாடா என்றிருந்தது. பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நூலகர் கேட்டார்: “கூடி வரான்னா, யாரும் வரமாட்டாங்கன்னா சார்?”

கார்வையில் நின்ற ‘வர’, ‘வரா’ ஆகிவிட்டது. வரமாட்டா என்று நேர் எதிர்ப்பொருள்.

தமிழில் இந்த இடம் தனிக் கவனம் கேட்கிறது. நமக்குக் குறிலும் நெடிலும் வெவ்வேறு எழுத்துகள், பொருளையே மாற்றுகிறவை. படு, பாடு ஆகும். கல், கால் ஆகும். தர நீண்டால் தரா, வர நீண்டால் வரா. உயிரின் நீளம் பொருளைத் தொடாத மொழியில் எழுதுகிறவருக்கு எந்த அகரத்தையும் இழுக்கலாம். நமக்கு ஐந்து விநாடி நிற்கும் இடத்தில் குறிலைப் போட்டால் கேட்பவர் காதில் அது நெடில்தான். ஆகவே திறந்த உயிராக மட்டும் இருந்தால் போதாது. அது எழுத்திலேயே நெடிலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீண்டாலும் வேறு சொல்லாகாத குறிலாக இருக்க வேண்டும். இதே காரணத்தால் வீடு, நாடு, பாட்டு போன்று குற்றியலுகரத்தில் முடியும் சொற்களும் உச்சிக் கார்வைக்கு ஆகாது. அரை மாத்திரையே உள்ள அந்த உகரத்தைப் பிடித்து நிறுத்தினால் ‘வீடூ’ என்று ஊளையிடும். அதில் ஊகாரத்தின் இறுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது திருத்தம்

இம்முறை முடிவிலிருந்து எழுதத் தொடங்கினேன். தாளில் தத்தகாரத்தை எழுதி, நிற்கும் இரண்டு இடங்களிலும் பென்சிலால் ‘ஆ’ என்று வட்டமிட்டேன். பிறகு ஆகாரத்தில் நிற்கும் ஓரெழுத்துச் சொற்களை அருகில் எழுதிப்பார்த்தேன். வா, தா, நா, பா, கா. தமிழ் இந்த விஷயத்தில் கை தாராளமான மொழி. நூலகப் பாட்டுக்குப் ‘பா’ தானாக வந்து நின்றது. ‘நீ’ என்று கூப்பிட்ட இடத்தில் ‘வா’ என்று கூப்பிடலாம்.

ஏடு திறந்தால் எழுந்திடும் பா
இருளைத் துரத்த ஏந்திட வா

‘ஏந்திட வா’ என்பது ‘வந்திடு நீ’ இருந்த அதே தந்தன தா. மோனைக்கும் குறைவில்லை, இகரமும் ஏகாரமும் ஒரே இனம் என்பதால் இருளை, ஏந்திட இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. முதல் வடிவத்தில் இரண்டாம் அடிக்கு மோனையே இல்லை.

ஆனால் ஒன்று போயிருந்தது. தீ போய்விட்டதால் இருளை எது துரத்துகிறது என்ற படிமம் அறுந்துவிட்டது. பா எழுகிறது சரி, அதை ஏந்தினால் இருள் ஏன் ஓட வேண்டும்? ஒரு நாள் முழுக்க இதையே சுற்றிக்கொண்டிருந்தேன். தீயைப் பாட்டிலிருந்து நீக்க வேண்டிய அவசியமே இல்லை, அதை உச்சியிலிருந்து இறக்கினால் போதும் என்று பேருந்தில் வரும்போது உறைத்தது. அடியின் தொடக்கம் மத்திய ஸ்தாயி பஞ்சமம், ஐந்து கட்டையில் 294 ஹெர்ட்ஸ். அங்கே ஒரு எண்ணிக்கைதான் நிற்கும். ஈகாரத்துக்கு அது சொந்த வீடு.

தீயென ஏட்டில் எழுந்திடும் பா
இருளைத் துரத்த ஏந்திட வா

‘ஏடு திறந்தால்’ இருந்த இடத்தில் ‘தீயென ஏட்டில்’ அசைக்கு அசை உட்கார்ந்தது. நெடில், இரண்டு குறில், அப்புறம் இரண்டு கனத்த அசை. பா தீப்பந்தம் ஆனது, ஏந்திட என்ற சொல்லுக்கு இப்போதுதான் கை வந்தது. என் கருத்தில் முதல் வடிவத்தைவிட இது நல்ல வரி. தொண்டைக்காகச் செய்த திருத்தம் வரிக்கும் நல்லதாகும் என்று எப்போதும் சொல்ல முடியாது, இங்கே ஆனது.

பாடியபோது கவனித்த ஒரு சின்ன விஷயம். ‘பா’வைவிட ‘வா’ உச்சியில் இன்னும் சுகமாக இறங்கியது. பகரத்துக்கு உதடு முழுசாக மூடித் திறக்க வேண்டும், மூடிய நேரத்தில் அழுத்தம் சேர்கிறது. ஒலிவாங்கி அருகில் இருந்தால் ‘பட்’ என்று வெடிக்கும். வகரத்தில் குரல் நிற்காமல் ஓடிக்கொண்டே வந்து வாய் திறக்கிறது. நல்லவேளையாக, இரண்டில் உயரமான காந்தாரத்தில் விழுந்தது ‘வா’.

மாற்ற மனம் வராத ஒரு சொல்

இரண்டாவது சரணத்துக்கும் அதே மெட்டுதான். அதன் அடிகள்:

நாளைய வாசல் திறந்திடும் நூல்
உலகைச் சுமக்க ஓங்கிய தோள்

உச்சியில் ‘தோள்’. இதை விட்டுவிட்டோம். ஓகாரத்தின் ஒத்ததிர்வு 500-ஐ ஒட்டி இருப்பதால் 490 அதற்கு ஏறக்குறைய நேராகவே விழுகிறது. உதட்டை அதிகம் குவிக்காமல் பாடச் சொன்னதோடு சரி. ‘ள்’தான் தொல்லை கொடுத்தது. ஆளுக்கு ஒரு நேரத்தில் நாக்கை மடித்ததால் கார்வை முழுக்க ளகரம் சிதறிக் கேட்டது. ஓகாரத்திலேயே ஆறு எண்ணிக்கையும் நின்று, ஏழாவது எண்ணிக்கையில் கைகாட்டும்போது எல்லோரும் சேர்ந்து ‘ள்’ போடுவது என்று முடிவு செய்தோம். ஒற்றில் முடியும் எந்தச் சொல்லுக்கும் இந்த ஏற்பாடு தேவைப்படும். ‘நாம்’ என்று நிற்கும் இடத்தில் மகரத்தை முன்கூட்டியே மூடிவிட்டால் ஒலி முழுக்க மூக்குக்குப் போய் அடங்கிவிடும்.

‘நூல்’தான் சிக்கல். அது தார ஸ்தாயி ரிஷபத்தில், 440 ஹெர்ட்ஸில் நிற்கிறது. ஊகாரத்துக்கு அது அதிகம். ‘தீ’யில் பார்த்த அதே மெலிவு இங்கேயும் இருந்தது, குவிந்த உதட்டால் ஒலி இன்னும் மங்கியது. ஆகாரத்தில் முடியும் மாற்றுகளை எழுதிப்பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. நூலகத்தின் பாட்டில் நூல் என்ற சொல் அடியின் கடைசியில் விழும் கனத்தை இழக்க எனக்கு மனமில்லை. நண்பரிடம் சொன்னேன். அவர் யோசித்து மெட்டை வளைத்தார். இரண்டாவது சரணத்தில் மட்டும் ‘வாசல்’ என்ற சொல்லில் ‘வா’வை ரிஷபத்துக்கு ஏற்றி அங்கேயே மூன்று எண்ணிக்கை நிறுத்தினார். பிறகு ‘திறந்திடும்’ படிப்படியாக இறங்கி, ‘நூல்’ மத்திய ஸ்தாயி பஞ்சமத்தில் வந்து அமர்ந்தது. 294-இல் ஊகாரம் உருண்டு திரண்டு கேட்டது. வாசல் என்ற சொல்லில் குரல் மேலே திறந்ததும் பொருத்தமாகவே இருந்தது. இதை எழுத்தால் தீர்த்திருக்க முடியாது. மெட்டமைப்பவர் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும், அவர் ஒத்துக்கொண்டார்.

எங்கே இது பொருந்தாது

ஈகாரம் வந்தாலே வெட்ட வேண்டும் என்று இதைப் படித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பாட்டிலேயே ‘திறந்திடும்’ என்ற சொல்லின் இகரங்கள் மேல் சட்ஜத்தைத் தொட்டுவிட்டு ஓடுகின்றன. அரை விநாடிகூட நிற்காத இடத்தில் தொண்டைக்கு இறுக நேரமே இல்லை. உயரம், நீளம், மூடிய உயிர் மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் தொந்தரவு. இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலே பெரும்பாலும் இளகிவிடும்.

ஆண் குரலுக்குக் கணக்கு வேறு. ஒரு கட்டையில் பாடுகிறவரின் உச்சி பெரும்பாலும் 350-க்குள் முடிந்துவிடுவதால் ஈகாரம் அவரைப் பெரிதாக வருத்தாது. சில ஆண் பாடகர்கள் மேலே போகும்போது அகன்ற ஆகாரத்தைவிட ஈகாரமே பிடிமானம் கொடுக்கிறது என்றும் சொல்வார்கள். ஆகாரத்தை மேலே கத்திவிடும் பழக்கம் உள்ளவருக்கு அது உண்மையும்கூட. ஆக, பாடப்போவது யார், எந்தக் கட்டை என்று தெரியாமல் இதை முடிவு செய்ய முடியாது. நான் அதைக் கேட்காமலேயே எழுதினேன் என்பதுதான் இந்த நிகழ்வின் முதல் பிழை.

பாடத் தெரியாத பாடலாசிரியருக்கும் சோதிக்க வழி இருக்கிறது. பாடப்போகிறவரிடமே அலைபேசியில் இரண்டு பதிவு கேட்கலாம். அதே கட்டையில் உச்சி அடியை ஒரு முறை ‘தா’ வைத்து, ஒரு முறை சொல் வைத்து. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும். சொல் வந்த பதிவில் கார்வையின் பின்பாதி மெலிந்தாலோ, சுருதி சரிந்தாலோ, அடுத்த அடிக்கு முன் மூச்சு இரைக்கும் சத்தம் கூடினாலோ, பழுது சொல்லில் இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி சிரமம் இருந்தால் அது மெட்டின் உயரம். அதற்கு இசையமைப்பாளரிடம்தான் பேச வேண்டும். நான் இப்போது வரி கொடுக்கும் முன்னாலேயே இதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். தத்தகாரத் தாளில் நிற்கும் இடங்களுக்கு மேலே எத்தனை எண்ணிக்கை என்பதையும் எந்த உயிர் வேண்டும் என்பதையும் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் சொல் தேடுகிறேன்.

புதிய வரிகளோடு நடந்த ஒத்திகையில் அந்த ஆறு எண்ணிக்கையும் சுருதிப்பெட்டியோடு ஒட்டி நின்றது. முன்வரிசைப் பெண் தானாகவே கட்டைவிரலை மோவாய்க்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். விழா அன்று பந்தல் ஓரத்திலிருந்து யாரோ எடுத்த பதிவு என்னிடம் இருக்கிறது. ‘ஏந்திட வா’ என்று குரல்கள் மேலே போகும் இடத்தில், பின்வரிசையிலிருந்து கனமாக ஒரு குரல் சேர்ந்து ஐந்து விநாடியும் நிற்கிறது. அது அந்த ஆசிரியையின் குரல்.